கொப்பியில் எழுதிய காசு அறமாகுமா?

"அப்பாவின்ரை திவசத்துக்கு வருசா வருசம் ஊர்க் கோயிலிலை அன்னதானம் குடுக்கிறனான். இந்த முறை 150,000 ரூபா ஒதுக்கி வைச்சிருக்கிறன். புருசனை இழந்த என்ரை தங்கச்சி, மாரிக்கு முன்னம் கூரை மாத்தவேணும் எண்டு கேக்கிறாள். அதுக்கும் ஏறக்குறைய அவ்வளவு வரும். இதுவரை அவளுக்குக் குடுத்ததெல்லாம் திகதியோடை ஒரு கொப்பியிலை எழுதி வைச்சிருக்கிறன், அது அவளுக்கும் தெரியும். கூடப்பிறந்தவளுக்குச் செய்யிறது வெறும் கடமை, அன்னதானம்தான் அறம் எண்டு மனுசி சொல்லுறா. பழைய நூல்கள் எதை அறம் எண்டு சொல்லுது?"
— யாழ்ப்பாண வாசகர் ஒருவர்

கொப்பி இருப்பது தங்கச்சிக்கு எப்படித் தெரிந்தது? நீங்கள் சொல்லியிருக்க வேண்டும், அல்லது அவள் முன்னாலேயே எழுதியிருக்க வேண்டும். போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். உங்கள் கேள்விக்கான விடை அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

முதலில் மனைவி சொன்ன பிரிவினையைப் பார்ப்போம். கடமை வேறு, அறம் வேறு என்று வள்ளுவர் பிரிக்கவில்லை. அறத்துப்பாலில், ஒப்புரவறிதல் அதிகாரத்தின் முதற் குறளே கடமையைத்தான் பேசுகிறது: "கைம்மாறு வேண்டா கடப்பாடு மாரிமாட்டு என்ஆற்றுங் கொல்லோ உலகு." கடப்பாடு என்றால் செய்தே ஆகவேண்டிய கடமை. மழைக்கு உலகம் எதைத் திருப்பிக் கொடுக்கிறது? அப்படித் திரும்பி வருவதை எதிர்பாராமல் செய்யும் கடமையை அவர் அறத்துக்குள்ளேதான் வைக்கிறார். அவர் போடும் நிபந்தனை கைம்மாறு வேண்டாமை ஒன்றுதான். உங்கள் கொப்பி அந்த நிபந்தனையைத்தான் உடைக்கிறது.

இனிப் பங்கீடு. "தென்புலத்தார் தெய்வம் விருந்தொக்கல் தானென்றாங்கு ஐம்புலத்தாறு ஓம்பல் தலை" என்பது இல்வாழ்க்கை அதிகாரத்துக் குறள். இறந்த முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், தான் என்று ஐந்து இடம். ஆறுமுக நாவலர் பதிப்பித்து நம்மவர் வழிவழியாகப் படித்துவரும் பரிமேலழகர் உரை இதற்கு ஒரு கணக்கும் தருகிறது: வருவாயை ஆறு கூறாக்கினால் ஒன்று அரசனுக்கு இறை, மற்ற ஐந்தும் இந்த ஐந்து இடத்துக்கு. தன்னைப் பேணுவதையும் அவர் அறம் என்றே கொள்கிறார். தான் இருந்தால்தானே மற்ற அறங்களைச் செய்யலாம்.

உங்கள் 150,000 ரூபாவை இதில் வைத்துப் பாருங்கள். கோயில் அன்னதானத்தில் அப்பா இருக்கிறார், தெய்வம் இருக்கிறது, உண்ண வருகிற விருந்தும் இருக்கிறது. மூன்று இடத்துக்கு ஒரே செலவில் போய்விட்டது. உங்கள் வீட்டுச் செலவு 'தான்' என்ற இடம். மிச்சம் ஒக்கல், அதாவது சுற்றத்தார். அதற்கு நீங்கள் கொடுத்தது எவ்வளவு? கொப்பியில் எவ்வளவு எழுதியிருந்தாலும் விடை ஒன்றுமில்லை என்பதுதான். ஏனென்றால் வறியவர்க்குக் கொடுப்பதே ஈகை, மற்றதெல்லாம் "குறியெதிர்ப்பை நீரது" என்கிறார் வள்ளுவர். குறியெதிர்ப்பை என்பது அளந்து வாங்கி அதே அளவு திருப்பித் தரும் கைமாற்று. திகதி போட்டு எழுதி, வாங்கியவளுக்கும் அதைத் தெரியப்படுத்தினால், அது கைமாற்றுத்தான்.

இன்னொன்றும் கேட்கிறேன். அன்னதானத்தை ஏன் கொப்பியில் எழுதவில்லை? அதன் கூலி மறுமையில் தானாக வரும் என்ற நம்பிக்கையா? வள்ளல் ஆய் அண்டிரனைப் பாடிய சங்கப் புலவர் முடமோசியார், இம்மையில் செய்தது மறுமைக்கு உதவும் என்று கொடுக்கிறவனுக்கு "அறவிலை வணிகன்" என்று பெயர் வைத்தார் (புறநானூறு 134). ஆய் அப்படிப்பட்டவன் அல்லன், சான்றோர் போன வழி இது என்பதற்காகவே கொடுத்தான் என்கிறார். தங்கச்சியிடம் இம்மைக் கடனும் கோயிலில் மறுமைக் கடனுமாக நீங்கள் இரண்டு பக்கமும் வியாபாரம் செய்கிறீர்கள். எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

திவசத்தை விடச் சொல்லவில்லை. வீட்டில் பிதிர்க்கடனைச் செய்து, இயன்ற பத்துப்பேருக்குச் சோறு போடுங்கள். தென்புலத்தாருக்கும் விருந்துக்கும் அது போதும். கோயிலில் அன்று ஓர் அர்ச்சனை செய்யுங்கள். மிச்சக் காசு முழுவதும் கூரைக்குப் போகட்டும். ஐப்பசி மழை தொடங்கினால் ஓடு பிரிக்க முடியாது, ஆகவே புரட்டாதிக்குள் வேலை முடியவேண்டும். காசைத் தங்கச்சியின் கையில் நீங்களே கொடுங்கள். திவசத்தன்று அவளும் உங்களோடு இருந்து சாப்பிடவேண்டும், அவளுக்கும் அவர் அப்பாதான்.

கணக்கு எழுதுவதே பிழை என்று நினைக்கவேண்டாம். "ஆற்றின் அளவறிந்து ஈக" என்றும் ஒரு குறள் உண்டு. உங்களால் எவ்வளவு முடியும் என்று அறிய, மாதச் செலவில் 'சுற்றம்' என்று ஒரு வரி எழுதுங்கள். பெயரும் திகதியும் வேண்டாம். பழைய பாக்கி எதுவும் இல்லையென்று கூரைக்குக் கொடுக்கும் முன்பே தங்கச்சியிடம் வாயால் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் இந்தக் காசையும் கடன் என்றே வாங்குவாள்.

அந்தக் காசு உங்களுக்குத் திரும்பி வந்தே ஆகவேண்டும் என்றால் அதையும் நேராகச் சொல்லித் தவணை பேசுங்கள். கடன் கொடுப்பது குற்றமில்லை. அதை அறக்கணக்கில் சேர்க்காதீர்கள்.