குளத்து அடி, ஏக்கர் அடி: அருஞ்சொல் ஸ்லைட் எங்கே இருக்க வேண்டும்?

கேள்வி: "அம்பாறையில் சிறுபோகக் கூட்டத்துக்கு 20 நிமிடப் பவர்பொயின்ற் ஒன்று செய்கிறேன். விவசாய அமைப்புக்காரர், வட்டவிதானைமார், பொறியியலாளர்கள், வங்கி ஆட்கள் எல்லாரும் இருப்பார்கள். அருஞ்சொற்களை முதல் ஸ்லைட்டில் பட்டியலாகப் போடுவதா, சொல் வரும் இடத்தில் விளக்குவதா?"

வரும் இடத்தில் விளக்குங்கள். பட்டியலைத் தாளில் அச்சடித்து வாசலிலேயே கையில் கொடுத்துவிடுங்கள். ஆனால் ஒருவகைச் சொல்லை மட்டும் பேச்சின் தொடக்கத்திலேயே தீர்த்துவிட வேண்டும். பெரும்பாலானவர்கள் தவறவிடுவது அந்த வகையைத்தான்.

முதலில் பட்டியலின் செலவைப் பாருங்கள். 12 சொல், ஒவ்வொன்றுக்கும் 10 விநாடி என்றால் 2 நிமிடம். அம்பாறைக் கூட்டம் என்கிறீர்கள், பக்கத்தில் சிங்கள மொழிபெயர்ப்பாளர் நின்று ஒவ்வொரு வசனமாகச் சொல்பவராக இருந்தால் அதுவே 4 நிமிடம். 20 நிமிடத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது, இன்னும் குளத்தில் எவ்வளவு தண்ணீர் என்று ஒருவருக்கும் தெரியாது. அதோடு, 1ஆம் ஸ்லைட்டில் காட்டிய சொல் 9ஆம் ஸ்லைட்டில் வரும்போது, தெரியாதவருக்கு அது மறந்துபோயிருக்கும். தெரிந்தவருக்கு அந்தப் பட்டியல் முதலிலேயே தேவைப்படவில்லை. இரண்டு பக்கமும் நட்டம்.

இனி அந்த ஒருவகைச் சொல். தெரியாத சொல்லால் பெரிய கேடு வராது. தெரியாதவர் பக்கத்துக் கதிரைக்காரரிடம் கேட்பார், அல்லது தாளைப் பார்ப்பார். கேடு வருவது, எல்லாரும் தங்களுக்குத் தெரியும் என்று நம்பி ஆளுக்கொரு பொருள் எடுக்கும் சொல்லால். நீர்ப்பாசனப் பேச்சில் அந்தச் சொல் "அடி".

வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை "குளத்தில 20 அடி தண்ணி நிக்குது" என்றால் அளவுகோலில் அவர் பார்த்த உயரம் அது. பொறியியலாளர் "20,000 ஏக்கர் அடி" என்றால் அது கனவளவு: ஒரு ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்தான் ஒரு ஏக்கர் அடி, 43,560 கன அடி. உயரத்தை அளக்கும் அடியும் கனவளவை அளக்கும் ஏக்கர் அடியும் ஒரே ஸ்லைட்டில் விளக்கமில்லாமல் நின்றால், குளம் ஓர் அடி இறங்கினால் எப்போதும் ஒரே அளவு தண்ணீர்தான் போகிறது என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். குளம் கிண்ணம் மாதிரி, மேலே அகலம், கீழே ஒடுக்கம். நிறைந்திருக்கும்போது 2,000 ஏக்கருக்குப் பரந்து நிற்கும் குளம் ஓர் அடி இறங்கினால் ஏறத்தாழ 2,000 ஏக்கர் அடி போகும். வற்றி 500 ஏக்கருக்குச் சுருங்கிய பிறகு அதே ஓர் அடிக்கு 500தான். இதைச் சொல்லாமல் வரைபடத்துக்குப் போனால், "மே மாதத்தில ஓரடி குறைஞ்சதுக்கு அவ்வளவு நாள் தண்ணி தந்தீங்க, இப்ப மட்டும் ஏன் ரெண்டு நாளில நிப்பாட்டுறீங்க?" என்ற கேள்வி வரும். கேட்பவர் பிழையில்லை, ஸ்லைட் பிழை.

ஆகவே "அடி"யைத் தலைப்புக்கு அடுத்த ஸ்லைட்டிலேயே, ஒரு கிண்ணப் படத்தோடு தீர்த்துவிடுங்கள். படத்தில் மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை, இரண்டும் ஓரடி உயரம், பக்கத்தில் 2,000, 500 என்ற எண்கள். இதைப் பட்டியல் என்று சொல்ல முடியாது, ஒரு சொல்தான். உங்கள் பேச்சில் இப்படி இரண்டு பொருள் தரும் சொல் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். மூன்றுக்கு மேல் போனால் அது சொல்லின் பிரச்சினை அல்ல, பேச்சில் விடயம் கூடிவிட்டது என்று வையுங்கள்.

மற்றச் சொற்கள் எல்லாம் வரும் இடத்தில். எப்படி விளக்குவது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள், அதனால் ஒரு சொல்லை முழுதாகச் செய்து காட்டுகிறேன்.

குளத்துத் தண்ணீரை வாய்க்காலுக்குத் திறந்துவிடும் மதகான துருசின் வாய்க்குக் கீழே நிற்கும் தண்ணீருக்குப் பொறியியலாளர்கள் "செயலற்ற கொள்ளளவு" என்பார்கள். வழக்கமாக ஸ்லைட்டில் வருவது இப்படி: "மொத்தக் கொள்ளளவில் செயலற்ற கொள்ளளவு, அதாவது துருசின் வழியாக வெளியேற்ற முடியாத நீரின் அளவு, கழிக்கப்பட்ட பின்னரே பயிர்ச்செய்கைப் பரப்பு தீர்மானிக்கப்படும்." தமிழில் வினை கடைசியில்தான் வரும். பெயருக்கும் வினைக்கும் நடுவில் விளக்கத்தைச் செருகினால், கேட்பவர் எது கழிக்கப்படுகிறது என்பதை விட்டுவிடுவார். காதால் கேட்பவர் திரும்பிப் போய் வாசிக்க முடியாது. மொழிபெயர்ப்பவரும் அந்த வசனத்தில் தடக்குவார்.

விளக்கத்தைத் தனி வசனமாக வெட்டி, சொல்லுக்கு முன்னால் வையுங்கள்: "துருசு வாய்க்குக் கீழே நிற்கிற தண்ணி வாய்க்காலுக்கு வராது. இதைத்தான் செயலற்ற கொள்ளளவு என்கிறோம். நம் குளத்தில் அது 2,000 ஏக்கர் அடி." முதலில் வயலில் பேசும் சொல், பிறகு அலுவலகச் சொல், பிறகு எண். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். அலுவலகச் சொல் முதலில் வந்தால், விவசாயி அதைப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளக்கம் தாண்டிப் போய்விடும்.

எண் ஏன் வேண்டும் என்றால், விளக்கத்தோடு எண் வந்தால் நிபுணர் சலிக்கமாட்டார். அவருக்கு அந்த 2,000 புதுத் தகவல். விவசாயிக்கும் அதில்தான் அக்கறை. கணக்கை அங்கேயே போட்டுக்காட்டுங்கள்: மொத்தம் 20,000 ஏக்கர் அடி, ஏக்கருக்குப் போகம் முழுவதற்கும் 4 அடி தண்ணீர் வேண்டும் என்று வைத்துக்கொண்டால் 5,000 ஏக்கர் செய்யலாம் என்று தோன்றும். கீழே நிற்கும் 2,000ஐக் கழித்தால் 18,000, அதற்கு 4,500 ஏக்கர்தான். ஆவியாவதும் ஊறிப்போவதும் இன்னும் கழியும், அதை அடுத்த ஸ்லைட்டுக்கு விடுங்கள். எந்த வட்டைக்கு, அதாவது எந்த வயற்பகுதிக்கு, தண்ணீர் இல்லை என்ற சண்டை முழுவதும் அந்த 500 ஏக்கரில்தான் இருக்கிறது. அந்தச் சொல்லைப் பட்டியலில் 7ஆவது வரியாகப் போட்டவர் சண்டையின் காரணத்தைத் தானே ஒளித்துவிட்டார்.

"கியூசெக்"கும் இதே வழிதான். "விநாடிக்கு ஒரு கன அடி" என்பது சரியான வரைவிலக்கணம், ஆனால் யாருக்கும் எதுவும் தெரியவராது. "ஒரு கியூசெக் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஒரு ஏக்கரில் ஓர் அங்குலம் நிற்கும்" என்று சொல்லுங்கள். ஒரு மணித்தியாலத்தில் ஓடுவது 3,600 கன அடி, ஏக்கரில் ஓர் அங்குலம் 3,630 கன அடி, ஏறத்தாழ ஒன்றுதான். வாய்க்கால் இழப்பைச் சேர்க்கவில்லை என்பதையும் ஒரு சொல்லில் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பொறியியலாளர் ஒருவர் கையைத் தூக்குவார், தூக்குவதும் நியாயம்.

ஸ்லைட்டில் அந்த விளக்க வரியை எண்ணுக்கு நேர் கீழே போடுங்கள், அடிக்குறிப்பாக அல்ல. எழுத்து 20 புள்ளிக்குக் குறையக் கூடாது. தமிழ் எழுத்துகள் நெருக்கமானவை, பின் வரிசையில் ணகரமும் னகரமும் ஒன்றாகத் தெரியும். ஒரு ஸ்லைட்டில் ஒரு சொல்லுக்கு மேல் விளக்க வேண்டாம். சொல் 5, 6 ஸ்லைட் கழித்துத் திரும்ப வந்தால் முழு விளக்கம் தேவையில்லை, "துருசுக்குக் கீழ்த் தண்ணி" என்று வாயால் தொட்டுவிட்டுப் போங்கள்.

விவசாயிகளுக்கு ஒன்றும் தெரியாது என்று நான் சொல்வதாக யாரும் எடுக்க வேண்டாம். தண்ணீர் எந்த வாய்க்காலில் எத்தனை மணிக்கு வந்து சேரும் என்பது வட்டவிதானைக்குத் தெரிவதுபோல அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. இரண்டு தரப்பும் இரண்டு சொல் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். விளக்கம் விவசாயிக்கு மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். "வட்டை", குளம் நிறைந்து வழிவதைச் சொல்லும் "வான் பாயுது" எல்லாம் வங்கியிலிருந்து வருபவருக்குப் புரியாமல் போகலாம், அவற்றுக்கும் ஒரு வரி வேண்டும். பல்கலைக்கழக ஆய்வு மாநாட்டில் சுருக்கப் பெயர்கள் நிறைந்த பேச்சு என்றால் கதை வேறு, அங்கே முதலில் பட்டியல் போடுவதைக் குறைசொல்ல மாட்டேன்.

தாள் பற்றி. ஏ4 ஒரு பக்கம், 12 சொல்லுக்குள், மூன்று நிரல்: வயலில் சொல்வது, கடிதத்தில் எழுதுவது, சிங்களத்தில் எழுதுவது. அகர வரிசை வேண்டாம், பேச்சில் வரும் வரிசையில் போடுங்கள், பக்கத்தில் ஸ்லைட் எண்ணையும். மொழிபெயர்ப்பாளருக்கு அதை முதல் நாளே அனுப்பிவிடுங்கள். இதைச் செய்யாமல் அவர் தடுமாறும்போது மேடையிலிருந்து முறைப்பவர்களை இந்த மாவட்டத்தில் எத்தனை கூட்டத்தில் பார்க்கிறோம்!

சொன்னால் கோபம் வருகிற இன்னொன்று: யுனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த ஸ்லைட். வீட்டுக் கணினியில் அழகாக இருந்தது, மண்டபத்துக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் "தமிழ்" என்ற சொல் `jkpo;` என்று திரையில் நிற்கும். 2026இலும் சுற்றறிக்கைகள் அப்படித்தான் வருகின்றன, அதிலிருந்து வெட்டி ஒட்டுகிறவர்களுக்கு அருஞ்சொல் விளக்கம் எதற்கு, எல்லாச் சொல்லும் அருஞ்சொல்தான் ஆகிவிடுகிறது. யுனிகோட்டுக்கு மாற்றி, விண்டோஸோடு வரும் Nirmala UI எழுத்துருவில் வையுங்கள்.

கூட்டத்துக்கு முன்னர் ஒரு சோதனை. ஒரு விவசாயி, ஒரு வங்கி உத்தியோகத்தர், இருவரிடமும் தனித்தனியே துருசு ஸ்லைட்டைக் காட்டுங்கள். "விளங்குதா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் ஓம் என்றுதான் சொல்வார்கள். "குளத்தில 20,000 இருக்கெண்டா எத்தனை ஏக்கர் செய்யலாம்?" என்று கேளுங்கள். இருவரும் 4,500 என்றால் சரி. ஒருவர் 5,000 என்றால் விளக்க வரி அவர் கண்ணில் படவில்லை, அல்லது பட்டும் எண்ணோடு சேரவில்லை. வரியை எண்ணுக்கு இன்னும் நெருக்கமாகக் கொண்டுவாருங்கள்.

பட்டியல் ஸ்லைட் ஒன்று செய்து வைத்திருந்தால் அழிக்க வேண்டாம். கடைசிக்குத் தள்ளி, இடப்பக்கச் சிறுபடத்தில் வலது சொடுக்கு செய்து Hide Slide கொடுத்துவிடுங்கள். பேச்சில் அது வராது. கேள்வி நேரத்தில் யாராவது சொல் கேட்டால், அந்த ஸ்லைட்டின் எண்ணை அடித்து Enter தட்டினால் நேரே அங்கே போகும். திரும்பி வர, நின்ற ஸ்லைட்டின் எண்ணை அதேபோல் அடிக்க வேண்டும், ஆகவே இரண்டு எண்ணையும் உங்கள் தாளின் ஓரத்தில் பேனையால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.