விளம்பரத்தில் 5.8, ஓட்டினால் 7.8: கார் வாங்கும் முன் நிஜ மைலேஜைக் கணக்கிடுவது

"அண்ணே, காரைக்குடியிலிருந்து ஸ்டுட்கார்ட் பக்கம் வேலைக்கு வந்து கொஞ்ச மாசம்தான் ஆச்சு. ஒரு பழைய பெட்ரோல் கார் பார்த்துக்கிட்டிருக்கேன். 2016 மாடல் 100 கிலோமீட்டருக்கு 4.9 லிட்டர்னு போட்டிருக்கு, 2021 மாடல் 5.8னு போட்டிருக்கு. அப்போ பழசுதான் லாபமா? வாங்குறதுக்கு முன்னாடியே நிஜ மைலேஜ் தெரிஞ்சுக்க வழி இருக்கா? ஊர்ல அப்பச்சியும் கார் மாத்தப் போறாங்க, அவங்களுக்கும் சொல்லணும்."

தம்பி, அந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. இரண்டும் வேறு வேறு பரீட்சையில் வாங்கிய மார்க்.

2016 காரின் 4.9 என்.இ.டி.சி. என்ற பழைய சோதனையில் வந்தது. உருளை மேல் காரை நிறுத்தி 20 நிமிடத்தில் 11 கிலோமீட்டர் ஓட்டுவார்கள். சராசரி வேகம் மணிக்கு 34 கிலோமீட்டர் கூட வராது. நின்ற இடத்திலிருந்து 50-க்குப் போக 26 விநாடி எடுத்துக்கொள்வார்கள். சிக்னலில் அப்படிக் கிளம்பினால் பின்னால் நிற்பவர் ஹாரன் அடிப்பார். விதிகளிலும் ஓட்டை இருந்தது. ரோட்டில் கார் எவ்வளவு லேசாக உருளுகிறது என்று அளக்கும்போது டயரில் காற்றைக் கூட்டலாம், கதவு இடுக்குகளில் டேப் ஒட்டலாம். சோதனைக்கு முன் பேட்டரியை நிறைய சார்ஜ் செய்து வைத்தால், ஓடும்போது ஆல்டர்னேட்டருக்கு வேலை குறையும். ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு சதவீதம்தான், ஆனால் சேர்த்தால் பெரிய வித்தியாசம். சோதனை எண்ணுக்கும் ரோட்டு எண்ணுக்கும் இடைவெளி 2001-இல் பத்து சதவீதத்துக்கும் குறைவு. 2015 வாக்கில் அது சராசரியாக 40 சதவீதத்தைத் தொட்டுவிட்டது.

2021 காரின் 5.8 டபிள்யூ.எல்.டி.பி. என்ற புதிய சோதனையில் வந்தது. புதிய மாடல்களுக்கு செப்டம்பர் 2017-இலும், விற்கிற எல்லாப் புதுக் கார்களுக்கும் செப்டம்பர் 2018-இலும் கட்டாயமானது. இதில் அரை மணி நேரம், 23 கிலோமீட்டர், உச்ச வேகம் 131. மேலே சொன்ன ஓட்டைகளில் பெரும்பாலானவற்றை அடைத்துவிட்டார்கள். அப்படியும் ஏ.சி. போடுவதில்லை, ஆய்வுக்கூடம் 23 டிகிரியில் இருக்கும். 2021-இல் பதிவான கார்களுக்குள்ளேயே இருக்கும் எரிபொருள் மீட்டர்களின் கணக்கை ஐரோப்பிய ஆணையம் 2024-இல் வெளியிட்டது. பெட்ரோல் கார்கள் சொன்னதைவிடச் சராசரியாக 24 சதவீதம் அளவுக்கு அதிகம் குடித்திருந்தன.

இப்போது பெருக்கிப் பாருங்கள். பழையது 4.9-ஐ 1.4-ஆல் பெருக்கினால் 6.9. புதியது 5.8-ஐ 1.24-ஆல் பெருக்கினால் 7.2. விளம்பரத்தில் தெரிந்த 0.9 லிட்டர் வித்தியாசம் 0.3-க்கு வந்துவிட்டது. அந்த 0.3-க்காகப் பழைய காரை எடுப்பதில் அர்த்தமில்லை. சர்வீஸ் ஹிஸ்டரியையும் டயரையும் பார்த்து முடிவெடுங்கள்.

நம்மூரில் லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்றே பேசிப் பழகிவிட்டோம். இங்கே கணக்கு தலைகீழ்: 100-ஐ அந்த எண்ணால் வகுத்தால் நம்மூர்க் கணக்கு வந்துவிடும். 5.8 என்றால் லிட்டருக்கு 17.2. யூடியூபில் அமெரிக்கக்காரரும் இங்கிலாந்துக்காரரும் மைல் கணக்கில் சொல்வதைக் கலக்காதீர்கள். இங்கிலாந்து கேலன் 4.55 லிட்டர், அமெரிக்கக் கேலன் 3.79 லிட்டர்தான்.

மேலே சொன்ன 24 சதவீதமும் சராசரிதான். உங்களுக்கு எவ்வளவு என்பதை உங்கள் ஓட்டம்தான் முடிவு செய்யும். அதில் இரண்டு விஷயம் முக்கியம்.

முதலாவது, குளிர்ந்த இஞ்சினில் குறைந்த தூரம். ஜனவரியில் காலை பூஜ்ஜியம் டிகிரியில் காரை எடுக்கும்போது ஆயில் கெட்டியாக இருக்கும். பெட்ரோல் சரியாக ஆவியாகாது என்பதால் அதிகமாகத் தெளிக்கும். எக்ஸாஸ்டில் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிஸ்டைச் சூடாக்கவும் பெட்ரோல் போகும். சோதனையிலும் இஞ்சின் ஆறித்தான் கிளம்புகிறது, ஆனால் 23 டிகிரியில். அந்தச் செலவும் 23 கிலோமீட்டரில் பரவிவிடுகிறது. ஆபீஸ் ஏழு கிலோமீட்டர் என்றால் இஞ்சின் முழுச் சூட்டுக்கு வருமுன்னே நீங்கள் இறங்கிவிடுவீர்கள். மாலையில் அதே கதை. காரைக்குடியில் காலையிலேயே வெதுவெதுப்பாக இருக்கும், இந்தச் செலவு அங்கே சொற்பம். அதனால்தான் நம்மூரிலிருந்து வருகிறவர்களுக்கு இது கணக்கிலேயே வருவதில்லை.

இரண்டாவது, ஆட்டோபான் என்ற அதிவேக நெடுஞ்சாலையில் வேகம். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 100-இல் போகும் காரை 130-க்குக் கொண்டு போனால் வேகம் 30 சதவீதம்தான் கூடுகிறது, காற்றுத் தடையோ 69 சதவீதம் கூடுகிறது. அதோடு டயர் உராய்வு போன்றவையும் இருப்பதால் மொத்தச் செலவு அந்த அளவு ஏறாது. ஆனாலும் நன்றாகவே தெரியும்.

இனி கணக்கு. டபிள்யூ.எல்.டி.பி. ஒரே எண் அல்ல, நான்கு பகுதி. புதுக் கார் லேபிளில் Innenstadt, Stadtrand, Landstraße, Autobahn என்று, அதாவது ஊருக்குள், ஊர் ஓரம், ஊருக்கு வெளியே, ஆட்டோபான் என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். இந்தச் சோதனை செய்த கார் பழையதாக விற்பனைக்கு வந்தால் விற்பவரிடம் CoC என்ற தயாரிப்பாளர் சான்றிதழைக் கேளுங்கள், 49-ஆம் எண்ணில் அந்த நான்கும் இருக்கும். மொத்த எண்ணை விட்டுவிட்டு இவற்றை எடுங்கள்.

உதாரணத்துக்கு, 5.8 கார் ஊருக்குள் 7.4, ஆட்டோபானில் 6.0 என்று வைத்துக்கொள்வோம். வாரம் ஆபீஸுக்கு 70 கிலோமீட்டர், கடைகண்ணிக்கு 20, வார இறுதியில் ஆட்டோபானில் 160. மொத்தம் 250.

முதல் 90 கிலோமீட்டரும் குட்டிக் குட்டி ஓட்டம். 7.4-க்கு மேல் வருடச் சராசரியாக 20 சதவீதம் கூட்டுங்கள், 8.9 வரும். குளிர்காலத்தில் மட்டும் என்றால் 30 வரை கூட்டலாம். ஆட்டோபான் பகுதியில் உச்ச வேகம் 131 என்றாலும் சராசரி 92-தான். நீங்கள் 110-இல் நிதானமாகப் போகிறவர் என்றால் 6.0-ஐக் கிட்டத்தட்ட அப்படியே வைத்துக்கொள்ளலாம். 130-இல் ஒரே சீராகப் போனால் இதற்கும் 20 சதவீதம் கூட்டுங்கள், 7.2. இந்த 20 சதவீதங்கள் என் கைக்கணக்கு, காருக்குக் கார் கொஞ்சம் மாறும்.

90 கிலோமீட்டருக்கு 8.0 லிட்டர், 160-க்கு 11.5 லிட்டர். மொத்தம் 19.5 லிட்டரை 250-க்கு வகுத்தால் 100 கிலோமீட்டருக்கு 7.8. நம்மூர்க் கணக்கில் லிட்டருக்கு 12.8. விளம்பரம் 17.2 என்று நம்ப வைத்தது. வருடத்துக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டினால் 240 லிட்டர் கூடுதல். லிட்டர் 1.75 யூரோ என்று வைத்தால் 420 யூரோ.

இந்த எண்ணை இரண்டு இடத்தில் சரிபாருங்கள். ஒன்று Spritmonitor.de. ஜனங்கள் ஒவ்வொரு முறை பெட்ரோல் போட்டதையும் பதிந்து வைக்கும் தளம். மாடல் பெயரை மட்டும் தேடாதீர்கள். அதே கிலோவாட், அதே கியர்பாக்ஸ், அதே வருடம் என்று சலித்து, 10,000 கிலோமீட்டருக்கு மேல் பதிந்தவர்களை மட்டும் பாருங்கள். ஆகக் குறைந்த எண்ணைப் பிடித்துக்கொள்ளாமல், கூட்டமாக எங்கே விழுகிறது என்று பாருங்கள். இப்படிக் குறித்து வைக்கிறவர்கள் பொதுவாகச் சிக்கனமாக ஓட்டுகிறவர்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

இன்னொன்று அந்தக் காரின் டாஷ்போர்டு. ஃபோக்ஸ்வாகன் வகையறாவில் Langzeit என்ற நீண்டகாலச் சராசரித் திரை இருக்கும், மற்றவற்றிலும் வேறு பெயரில் இருக்கும். அதில் சராசரி லிட்டரோடு சராசரி வேகத்தையும் தூரத்தையும் சேர்த்துப் படியுங்கள். 5.9 லிட்டர், சராசரி 71 என்றால் அவர் நெடுந்தூரம் ஓட்டியவர், ஏழு கிலோமீட்டர் ஆபீஸ் ஓட்டத்துக்கு அந்த எண் பொருந்தாது. 7.1, சராசரி 38 என்றால் அது உங்கள் ஓட்டத்துக்கு நெருங்கியது. தூரம் 40 கிலோமீட்டர் என்று காட்டினால் அண்மையில் அழித்திருக்கிறார்கள், அதை நம்ப வேண்டாம். இந்தத் திரை பெரும்பாலும் நிஜத்தைவிடக் கொஞ்சம் குறைத்தே காட்டும்.

அரை மணி டெஸ்ட் டிரைவில் மைலேஜ் தெரியாது. சந்தேகம் தீரவில்லை என்றால் அதே இஞ்சின் உள்ள காரை ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுங்கள். பம்ப் தானே 'டக்' என்று நிற்கும்வரை நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்கி, 300 கிலோமீட்டருக்கு மேல் உங்கள் வழக்கப்படி ஓட்டி, அதே பம்பில் அதே மாதிரி நிரப்புங்கள். 412 கிலோமீட்டருக்கு 31.3 லிட்டர் பிடித்தால் 7.6. பம்ப் ஒரு லிட்டர் முன்னே பின்னே நின்றாலும் இந்தத் தூரத்தில் மூன்று சதவீதப் பிழைதான். 60 கிலோமீட்டரில் அதே ஒரு லிட்டர் கணக்கையே கெடுத்துவிடும்.

ப்ளக்-இன் ஹைப்ரிட் கண்ணில் பட்டால் லேபிளை அறவே நம்ப வேண்டாம். அதே 2024 கணக்கில் அவை சொன்னதைப் போல மூன்றரை மடங்கு குடித்திருந்தன. அடிக்கடி சார்ஜ் போட்டுப் பெரும்பாலும் மின்சாரத்தில் ஓட்டுவார்கள் என்ற அனுமானத்தில் வந்த எண் அது. வீட்டில் சார்ஜ் போட வசதியில்லாத வாடகை ஃபிளாட்டில் அதை வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அப்பச்சிக்கு இவ்வளவு வேண்டாம். அங்கே போடும் எண் பழைய ஐரோப்பியச் சோதனையான என்.இ.டி.சி.யை ஒட்டியது. உச்ச வேகம் 90, ஏ.சி. கிடையாது. லிட்டருக்கு 20 என்று போட்டிருந்தால், ஏ.சி.யோடு திருச்சி ரோட்டில் 80, 90-இல் போக 16, 17 என்று வைத்துக்கொள்ளலாம். செக்காலை ரோடு, கல்லுக்கட்டி என்று ஊருக்குள்ளேயே சுற்றினால் 13 கிடைத்தாலே போதும். அதே மாடல் வைத்திருக்கும் சொந்தக்காரர் ஒருவரிடம் டேங்க் ஃபுல் டு ஃபுல் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: ஆட்டோ கட் ஆனதும் நிறுத்திவிட வேண்டும். பங்கில் பையன் ரூபாயை ரவுண்டாக்க இன்னும் கொஞ்சம் அழுத்துவான். ஒரு தடவை அழுத்தி, மறு தடவை அழுத்தாமல் விட்டால் லிட்டர் கணக்கு மாறி, வருகிற மைலேஜ் தப்பாக இருக்கும்.