ஓ.ஆர்.எஸ். துண்டறிக்கை புதிதாகப் படிக்கக் கற்றவர்களுக்குப் புரியுமா?

"வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். உப்பு-சர்க்கரைக் கரைசல் பற்றித் துண்டறிக்கை எழுதினேன். படிக்க எளிதா என்று மதிப்பெண் போடும் ஆங்கிலக் கருவியில் போட்டால் அபத்தமான எண் வருகிறது. எப்படிச் சோதிப்பது?"

அந்தக் கருவிகள் ஆங்கில அசைகளை எண்ணுபவை. தமிழில் விகுதிகள் ஒட்டி ஒரே சொல் நீண்டுவிடும் என்பதால் அந்த எண்ணை நம்ப வேண்டாம். புதிதாகப் படிக்கும் நாலைந்து பேரைத் தனித்தனியே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். திக்கும் இடத்தையும், திரும்ப முதலிலிருந்து படிக்கும் வரியையும் குறியுங்கள். அப்புறம் தாளை வாங்கிக்கொண்டு, "இப்போது என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். "புரிந்ததா?" என்றால் எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள்.

பெரும்பாலும் சிக்குவது இந்த மாதிரி வரியில்தான்: "கொதிக்கவைத்து ஆறவைக்கப்பட்ட ஒரு லிட்டர் நீரில் கரைக்கப்பட்ட கரைசல் 24 மணி நேரத்திற்குள் பயன்படுத்தப்படாவிடில் அப்புறப்படுத்தப்பட வேண்டும்." வினை கடைசியில் வருவதால், அதுவரை எல்லாவற்றையும் நினைவில் சுமக்க வேண்டியிருக்கிறது. 'பட்ட', 'படா' எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, செய்யும் வரிசையிலேயே உடையுங்கள்:

"ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். ஆற விடுங்கள். பொட்டலம் முழுவதையும் கொட்டிக் கலக்குங்கள். நாளை இதே நேரம் வரை கொடுக்கலாம். அதற்கு மேல் மீந்தால் கொட்டிவிடுங்கள்."

சரி, இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. 200 மி.லி.க்கான சின்னப் பொட்டலமும் கடையில் கிடைக்கிறது. அதை ஒரு லிட்டரில் போட்டால் கரைசல் நீர்த்துப்போகும். அதனால் "இது ஒரு லிட்டர் பொட்டலத்துக்கு" என்று முதல் வரியாகச் சேர்த்து, பொட்டலத்தின் படத்தையும் பக்கத்தில் போடுங்கள். திருத்தியதை முன்பு படித்தவர்களிடம் காட்டாதீர்கள். அவர்களுக்கு விஷயம் ஏற்கெனவே தெரியும். புது ஆட்களிடம் கொடுங்கள்.