முதலாளி பேரில கம்பனி எடுக்கிற காப்புறுதி: போர்டுக்கு என்ன எழுதிறது?

கேள்வி: எங்கட நிறுவனர் இல்லாட்டி கம்பனி இல்ல எண்ட நிலைமை. அவற்ற பேரில கம்பனி காப்புறுதி எடுக்கலாமோ? எவ்வளவுக்கு எண்டு போர்டுக்கு எப்பிடி விளங்கப்படுத்திறது?

நான் ஏஜென்ட் இல்ல, ஒண்டும் விக்க வரேல்ல, அதை முதல்லயே சொல்லிப்போடுறன். யாழ்ப்பாணத்தில நண்டு ஏற்றுமதி செய்யிற ஒரு கம்பனியில கணக்குப் பாக்கிறன். உங்கடயும் குடும்பமும் சிநேகிதரும் சேர்ந்து போட்ட கம்பனியாத்தான் இருக்கும் எண்டு நினைச்சு எழுதிறன்.

நான் குடுத்த முதல் பேப்பரை போர்ட் திருப்பி அனுப்பிட்டுது. எங்கட கம்பனியைத் தொடங்கின அண்ணையின்ர பேரில 5 கோடி, காசு அவற்ற மனுசிக்கு எண்டு எழுதியிருந்தன். டொராண்டோவில இருக்கிற டிரெக்டர் சூமில வந்து, "பிரீமியம் கம்பனி கட்டிறது, காசு வீட்டுக்குப் போறதோ? அது அண்ணைக்குக் குடுக்கிற சலுகையெல்லோ" எண்டார். அவர் சொன்னது சரி. கம்பனிதான் விண்ணப்பிக்கிற ஆள், கம்பனிதான் சொந்தக்காரர், காசும் கம்பனிக்குத்தான் வரவேணும். அண்ணை காப்புறுதி செய்யப்படுற ஆள் மட்டும், சம்மதிச்சுக் கையெழுத்து வைச்சு மெடிக்கலுக்குப் போறவர். குடும்பத்துக்கு வேணுமெண்டா அவர் தன்ர காசில வேற ஒண்டு எடுக்கட்டும்.

இன்னொரு டிரெக்டர், எங்கட மாமா முறை, "ஆள் உயிரோட இருக்கேக்க அவற்ற சாவில காசு பாக்கிறதோ, இதெல்லாம் வாயால சொல்லாதேங்கோ" எண்டு கோவிச்சிட்டார். நான் அவருக்கு காப்புறுதி நலன் எண்டா என்னெண்டு ஆறுதலா விளங்கப்படுத்தினன். முன்பின் தெரியாத ஆக்களின்ர உயிரில பந்தயம் கட்டின மாதிரி காப்புறுதி எடுத்ததை நிப்பாட்டத்தான் 1774 இல இங்கிலாந்தில சட்டமே வந்தது. ஒரு ஆள் போனா ஆருக்குக் காசு நட்டமோ அவை எடுக்கலாம், மற்றவை ஏலாது. கம்பனி சட்டப்படி தனி ஆள், அண்ணை போனா அதுக்கு வருமானம் போகும், அதால அதுக்கு நலன் இருக்கு. இந்த நலன் காப்புறுதி எடுக்கிற அண்டைக்கு இருக்கவேணும். அதால பேப்பரில அவற்ற பொறுப்பு என்ன, எந்தக் கடனுக்குப் பிணை நிக்கிறார் எண்டு எழுதி ஆவணங்களையும் வைச்சன்.

தொகைதான் பெரிய வில்லங்கம். வருசச் சம்பளத்தை பத்தால பெருக்கிறது கனபேர் செய்யிற முறை. ஆனா எங்கட அண்ணை எடுக்கிறது மாதம் 75,000, அந்த முறையில 90 இலட்சம்தான் வரும். தொடங்கின ஆக்கள் தங்களுக்குக் குறைச்சு எடுப்பினம், அதால அந்தக் கணக்கு அவை விசயத்தில பொய் சொல்லும்.

நான் ஒரு வருச இன்வொய்ஸ் எல்லாத்தையும் எடுத்து, ஒவ்வொண்டுக்கும் விலை பேசினது ஆர் எண்டு பக்கத்தில எழுதினன். ஐஞ்சு வாங்குறவையில மூண்டு பேர் அண்ணையின்ர போனில மட்டும்தான் கதைக்கினம், விடிய ஐஞ்சு மணிக்கு எடுப்பினம், அந்த நம்பர் ஒஃபிஸில ஒருத்தரிட்டயும் இல்ல. லாபத்தில 60 சதவீதம் அவையால. மூண்டு வருசச் சராசரி லாபம் 180 இலட்சம், அதில 60 சதவீதம் 108 இலட்சம். முதல் வருசம் முழுக்கப் போகும், ரெண்டாம் வருசம் பாதி திரும்பும் எண்டு வைச்சா நட்டம் 162 இலட்சம். அவற்ற இடத்துக்கு மாதம் மூண்டு லட்சச் சம்பளத்துக்கு ஆள் எடுத்தா ரெண்டு வருசத்துக்கு மேலதிகச் செலவு 54 இலட்சம். ரெண்டும் சேர்ந்து 216 இலட்சம்.

வங்கிக் கடன் 150 இலட்சத்தை இதோட கூட்டேல்ல. லாபத்திலயிருந்துதான் கடனே கட்டுறது, கூட்டினா ஒரே நட்டத்தை ரெண்டு தரம் எண்ணின மாதிரி, காப்புறுதிக்காரரும் வெட்டுவினம். அதுக்கு கடன் குறையக் குறையத் தானும் குறையிற வேற காப்புறுதி ஒண்டு. 60 சதவீதமும் ரெண்டு வருசமும் அனுமானம்தானே எண்டு ஆரும் கேப்பீங்கள். ஓம், அனுமானம்தான், ஆனா இன்வொய்ஸில காட்டேலும். ஐஞ்சு கோடிக்கு என்னால ஒண்டும் காட்டேலாமப் போச்சு. தணிக்கை செய்த மூண்டு வருசக் கணக்கும் காப்புறுதிக்காரர் கேப்பினம், ஆயத்தமா வையுங்கோ.

ஒரு கோவத்தையும் சொல்லிப்போடுறன். அந்த விண்ணப்பம் தமிழில இல்ல. பதினெட்டு வருசம் நூத்துக்கணக்கான தொழிலாளரை வைச்சு நடத்துற மனுசன், தன்ர உடம்பைப் பற்றின கேள்வியளுக்கு வரிவரியா என்னட்டக் கேட்டுக் கையெழுத்து வைச்சவர். யாழ்ப்பாணத்தில கிளை போட்டு விக்கத் தெரியுது, ஒரு ஃபோர்ம் அடிக்கத் தெரியேல்லையோ?

அந்த ஃபோர்மில சீனி வருத்தம் இருக்கோ எண்டு கேட்ட இடத்தில அண்ணை பேனையைத் தூக்கிப்போட்டு என்னைப் பாத்தார். "போடுங்கோ அண்ணை, மறைச்சா பேந்து கம்பனிக்கு ஒரு சதமும் வராது" எண்டன். போட்டவர். பிரீமியம் கொஞ்சம் கூடினது, போர்ட் ரெண்டாம் தரம் ஒரு மணித்தியாலத்தில பாஸ் பண்ணினது. மாமாதான் முதல்ல கை தூக்கினவர்.