திரையா, சீட்டா?

கேள்வி: செங்கோட்டையில் 60 இருக்கை ஓட்டல். சப்ளையர் கையால் எழுதும் சீட்டு. தினமும் ஆறு தட்டு தப்பாகப் போய்த் திரும்புகிறது. கிச்சனில் ஆர்டரைக் காட்டும் திரை 90,000 ரூபாய், மாதச் சந்தா 1,500. சீட்டு அச்சடிக்கும் மிஷின் 12,000. எது வாங்கலாம்?

பதில்: அந்த ஆறு தட்டும் ஏன் திரும்பின என்று எழுதி வைத்தீர்களா? விலைப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இதைச் சொல்லாமல் கேட்டால் நான் என்ன சொல்ல?

பத்து நாள் கல்லாவில் ஒரு நோட்டு வையுங்கள். சப்ளையரே தப்பாக எழுதியது எத்தனை, மாஸ்டர் கையெழுத்துப் புரியாமல் போட்டது எத்தனை, எழுதிய பிறகு மாற்றிச் சொன்னது எத்தனை. முதல் வகைக்குத் திரையும் உதவாது, மிஷினும் உதவாது. ஆர்டரை மேசையிலேயே ஒரு தடவை திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள், செலவில்லை. இரண்டாவதற்கு அச்சுச் சீட்டே போதும். மூன்றாவதுதான் திரையின் இடம். "முட்டை பரோட்டா வேண்டாம், சாதா போடுங்க" என்றால் கம்பியில் பழைய சீட்டும் புதுச் சீட்டும் சேர்ந்தே தொங்கும், மாஸ்டர் இரண்டையும் போடுவார். திரையில் பழைய வரியே மாறிவிடும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு தட்டுச் சரக்கு 80 ரூபாய் என்று வையுங்கள். ஆறில் இரண்டு சப்ளையர் தப்பு, மூன்று கையெழுத்து, ஒன்று மாற்றம் என்றால், மிஷினைவிடத் திரை கூடுதலாகக் காப்பாற்றுவது தினம் ஒரே தட்டு. மாதம் 2,400 ரூபாய். சந்தா போக மிச்சம் 900. கூடுதலாகப் போட்ட 78,000 திரும்ப ஏழு வருஷத்துக்கு மேல் ஆகும். அடுப்படிப் புகையில் எந்தத் திரை அத்தனை காலம் நிற்கும்? அதுவே மாற்றம் மூன்று, கையெழுத்து ஒன்று என்றால் 14 மாதத்தில் திரும்பிவிடும். அப்போது தாராளமாக வாங்குங்கள்.

கேள்வி: திரை வைத்தால் ஒரு சப்ளையரைக் குறைக்கலாமா? (புளியரை)

பதில்: சாம்பார் வாளியைத் திரை தூக்கிக்கொண்டு வருமா?

கேள்வி: கிச்சன் மிஷினில் வரும் சீட்டு கறுத்துப்போகிறது. போலிப் பேப்பரா? (களியக்காவிளை)

பதில்: இல்லை. அது சூடு பட்டால் கறுக்கும் தெர்மல் பேப்பர். மெஸ் நடத்திய காலத்தில் நானும் அதை வாங்கித் தோசைக்கல் பக்கத்தில் வைத்து, பேப்பர்க் கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். பாவம் அவர். அடுப்படிக்கு ரிப்பன் போட்டுச் சாதாத் தாளில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ்தான் சரி.

கேள்வி: நெட் போனால் திரை வெறுமையாகிவிடுகிறது. நெட் இல்லாமலும் ஓடும் என்றுதான் விற்றார்கள். (கம்பம்)

பதில்: உங்கள்மேல் தப்பில்லை, ஏமாற்றியிருக்கிறார்கள். அந்த வாக்குறுதி வாட்ஸ்அப்பில் இருந்தால் அழிக்காதீர்கள். வியாபாரத்துக்கு வாங்கியவர் பொதுவாக நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால் பிழைப்புக்காகச் சுயதொழிலாக நடத்துபவருக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் விலக்கு உண்டு. நீங்களே கல்லாவில் உட்கார்ந்து நடத்தும் கடை என்றால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் பாருங்கள். அதுவரை பழைய சீட்டுக் கம்பியைக் கழற்றாதீர்கள்.