கோயில் முற்றத்திலும் கடற்கரையிலும் ஜோடிப் படம்: கேள்வி பதில்

திருமண ஆல்பங்களில் படம் திருத்துவது என் தொழில். போகாத இடத்தில் நிற்பதுபோல் ஏஐ கருவியில் ஜோடிப் படம் செய்து தருமாறு இப்போது பலரும் கேட்கிறார்கள். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மணமகன், சேலம்: மாலை நாலரை மணிக்கு மொட்டை மாடியில் எடுத்த படம். வெயில் இடப்பக்கமிருந்து விழுகிறது. மாமல்லபுரம் கடற்கரையில் நிற்பதுபோல் கேட்டேன். அழகாகத்தான் வந்தது, ஆனால் ஒட்டவைத்ததுபோல் இருக்கிறது. எது தவறு?

முதலில் தொடுவானத்தைப் பாருங்கள். சமதளமான கடற்கரையில் கடலும் வானமும் சேரும் கோடு, கேமரா எந்த உயரத்தில் இருந்ததோ அந்த உயரத்தில்தான் ஓடும். செல்போனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து எடுத்திருந்தால் அந்தக் கோடு உங்கள் இருவரின் நெஞ்சையும் கடந்து போக வேண்டும். அழகுக்காகக் கருவி அதை முழங்காலுக்கு இறக்கிவிடும், அல்லது தலைக்கு மேல் ஏற்றிவிடும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் கண் நம்ப மறுக்கும். கேமராவின் உயரம் நினைவில் இல்லையென்றால், மூலப் படத்தில் கைப்பிடிச் சுவரின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் ஸ்கேல் வைத்து நீட்டுங்கள். இரண்டும் சந்திக்கும் புள்ளி அந்த உயரத்தைக் காட்டிவிடும்.

அடுத்தது வெயில். மாமல்லபுரத்தில் கடல் கிழக்கே இருக்கிறது. மாலை வெயில் மேற்கிலிருந்து, அதாவது கரைப் பக்கமிருந்து வரும். உங்கள் படத்தில் அது இடப்பக்கம் விழுகிறது என்றால் கேமரா வடக்கு நோக்கியிருக்க வேண்டும்: இடப்பக்கம் கரை, வலப்பக்கம் கடல். இதை மாற்றிப் போட்டால் மாலை வெயில் கடலிலிருந்து அடிப்பதாக ஆகிவிடும். நாலரை மணிக்கு நிழல் ஆள் உயரத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கோ அதற்கு மேலோ நீண்டு கிடக்கும். கருவியோ நண்பகல்போல் காலடியில் ஒரு திட்டு நிழலை வைத்து முடித்துவிடுகிறது. நான் எழுதுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
Keep both faces, skin tone, pose and clothes exactly as in image 1.
Replace only the background: beach at Mamallapuram, camera facing north,
sea on the right, land on the left. Horizon at chest level.
Late afternoon sun from the left, long shadows to the right.
Bare feet on dry sand.
```

தமிழில் எழுதினாலும் புரிந்துகொள்கிறது. திசை, உயரம் இரண்டையும் விட்டுவிடாதீர்கள், அதுதான் முக்கியம்.

மணமகள், கடலூர்: எங்களுக்குப் பின்னால் கடலில் சூரியன் மறைய வேண்டும். எங்கள் ஊர்க் கடற்கரைபோலவே இருக்க வேண்டும்.

கடலூரில் சூரியன் கடலிலிருந்து எழும், கடலில் மறையாது. ஊர்க்காரர்கள் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் விடியற்காலை என்று கேளுங்கள், நிறம் அதே அளவு நன்றாக வரும். மறையும் சூரியன்தான் வேண்டுமென்றால் வர்க்கலை, கோவளம் போன்ற மேற்குக் கரையைச் சொல்லுங்கள். கேரளத்தில் இருக்கும் கோவளத்தைச் சொல்கிறேன், சென்னைக்குத் தெற்கே இருப்பதை அல்ல.

இன்னொன்றும் உண்டு. சூரியன் பின்னால் இருந்தால் முகங்கள் நிழலில் இருக்கும், தலைமுடி ஓரத்திலும் தோளிலும் மட்டும் ஒளிக்கோடு விழும். நீங்கள் அனுப்பிய படத்தில் முகத்தில் நேர்வெயில் அடிக்கிறது. இந்தப் படத்தோடு அந்தப் பின்னணி சேராது. வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று புதிதாக ஒரு படம் எடுங்கள். பின்னணிக்கு ஏற்ற ஜோடிப் படம் இருக்க வேண்டும், அல்லது ஜோடிப் படத்துக்கு ஏற்ற பின்னணியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் எப்போதும் இரண்டாவது வழியில்தான் போகிறேன், அதில்தான் வேலை குறைவு.

ஒளிப்படக்காரர், மதுரை: முகம் மாறாமலிருக்க '8K, ultra realistic' என்று சேர்த்தாலே போதும். கூடவே, முகம் பெரிதாகத் தெரியும் படமாக இருந்தால் நல்லது. சரிதானே?

பின்பாதி மிகச் சரி. முன்பாதி பயன் தராது. அந்தச் சொற்கள் படத்தை மெருகேற்றும், தோலை மெழுகுபோல் வழுவழுப்பாக்கும், ஆனால் ஆள் அடையாளத்தைக் காப்பாற்றாது.

பின்பாதி ஏன் சரி என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1024 பிக்சல் உயரமுள்ள படத்தில் தலை முதல் கால்வரை ஆள் 700 பிக்சல் இருந்தால் தலைக்குக் கிடைப்பது நூறு பிக்சலுக்கும் குறைவு. அதற்குள் கண், மூக்கு, உதடு என எல்லாம் அடங்க வேண்டும். ஒரு மச்சம், பல்லில் ஒரு சிறு இடைவெளி, புருவத்தின் வளைவு போன்றவைதான் ஒருவரை அவராகக் காட்டுகின்றன. முதலில் காணாமல் போவதும் அவைதான். ஆகவே இடுப்புவரை மட்டும் தெரியும் படத்தில் தொடங்குங்கள்.

முழு உருவம் வேண்டுமென்றால், கருவி தந்த படத்தின்மேல் மூலப் படத்தைத் தனி லேயராக அதே அளவில் வைத்து, மாஸ்க் போட்டு, முகங்களை மட்டும் மேலே வரவையுங்கள். தாடையோரத்திலும் கழுத்திலும் மென்மையான பிரஷ், நெற்றிமுடியில் இன்னும் மெல்லியது. தலையின் சாய்வு ஒரு பாகை மாறியிருந்தாலும் இது பொருந்தாது. நிற்கும் விதத்தை மாற்றாதே என்று முதலிலேயே சொல்ல வேண்டும் என்பது இதனால்தான்.

மணமகள், டொராண்டோ: அவர் கோயம்புத்தூரில், நான் இங்கே. முகூர்த்தத்துக்கு முதல் வாரம்தான் ஊருக்கு வருகிறேன். தனித்தனிப் படங்களை வைத்துச் செய்ய முடியுமா?

முடியும், ஆனால் இருவரும் ஒரே மாதிரி எடுக்க வேண்டும். இருவரும் ஜன்னலை இடக்கைப் பக்கம் வைத்து நில்லுங்கள். செல்போன் தரையிலிருந்து ஒரே உயரத்தில், ஒரே தூரத்தில் இருக்கட்டும். அழகூட்டும் ஃபில்டரை அணைத்துவிடுங்கள். அதில் மாறிய முகத்தைக் கொடுத்தால் கருவி அந்த முகத்தைத்தான் காப்பாற்றும். இருவரின் உயரத்தையும் சென்டிமீட்டரில் எழுதுங்கள். சொல்லாவிட்டால் மணமகளின் தலையை மணமகனின் தோளுக்கு இறக்கிவிடுவது இந்தக் கருவிகளின் வழக்கம்.

கைகோத்து நிற்பதுபோல் கேட்காதீர்கள். கோத்த விரல்களில் எது யாருடையது என்பதில் இன்னும் குழப்பம் வருகிறது, அதற்கு நம்பகமான வழி எதுவும் என்னிடம் இல்லை. அருகருகே, ஒருவர் அரையடி முன்னால் நிற்பதுபோல் செய்தால் இயல்பாக இருக்கும்.

மணமகன், திருச்சி: தஞ்சைப் பெரிய கோயில் என்று கேட்டேன். வண்ணச் சுதைகள் நிறைந்த ஏதோ ஒரு கோபுரம் வந்தது, அதுவும் எங்கள் இடுப்பளவுக்கு.

பெயரை மட்டும் சொன்னால் தென்னாட்டுக் கோயில்கள் எல்லாவற்றையும் கலந்து கொடுத்துவிடும். தஞ்சையில் உயர்ந்து நிற்பது வாசல் கோபுரமல்ல, கருவறைக்கு மேலுள்ள விமானம். அது கருங்கல்லின் நிறம். மாலையில் மட்டும் பொன்னிறம் ஏறும். நீங்களே எடுத்த முற்றத்துப் படம் ஒன்றை இரண்டாவது படமாகக் கொடுங்கள், சொற்களைவிட அது நன்றாக வேலை செய்யும்.

அளவையும் பார்ப்போம். விமானம் ஏறக்குறைய 60 மீட்டர். அதிலிருந்து நூறு மீட்டர் தள்ளி, முற்றத்தின் ஓரமாகக் கேமரா இருக்கிறது, நீங்கள் கேமராவிலிருந்து மூன்று மீட்டரில் நிற்கிறீர்கள் என்று வையுங்கள். அப்போது உங்கள் உயரமும் விமானத்தின் உயரமும் படத்தில் கிட்டத்தட்டச் சமமாகத் தெரியும். இடுப்பளவுக் கோபுரம் வேண்டுமென்றால் நீங்கள் ஒன்றரை மீட்டருக்குள் வந்திருக்க வேண்டும். அவ்வளவு அருகில் முழு உருவம் சாதாரண லென்சில் அடங்காது. தளத்தில் பதித்த கற்களின் கோடுகளையும் நீட்டிப் பாருங்கள். அவை எந்த உயரத்தில் கூடுகின்றனவோ அது மூலப் படத்தின் கேமரா உயரத்தோடு ஒத்துப்போக வேண்டும்.

ஒருவர், விருதுநகர்: எங்கள் ஊர்க் கோயிலுக்குள் செல்போனுக்கே அனுமதியில்லை. உள்ளே ஜோடிப் படம் எடுக்க அனுமதி எப்படி வாங்குவது?

இங்கே பேசுவது கோயிலுக்குள் போகாமல் செய்யும் படத்தைப் பற்றி. கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்யச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. உங்கள் கோயிலில் என்ன நடைமுறை என்பதைச் செயல் அலுவலரிடம்தான் கேட்க வேண்டும். பின்னணிக்கு மட்டும் படம் போதுமென்றால் தெருவில் நின்று எடுத்த வெளிக்கோபுரமே போதும்.

மணமகளின் அம்மா, காரைக்குடி: படத்தில் என் மகள் கழுத்தில் தாலிபோல் ஒரு சங்கிலி, வகிட்டில் குங்குமம். கல்யாணத்துக்கு முன்பே இப்படி வந்தால் மனம் ஒப்புமா?

ஒப்பாதுதான் அம்மா. அச்சுக்குக் கொடுக்குமுன் நானும் இதைத்தான் முதலில் பார்க்கிறேன். பட்டுப்புடவையில் ஒரு ஜோடி என்றதும் கருவி அதைக் கல்யாணம் முடிந்த படமாக எடுத்துக்கொள்கிறது. பெரும்பாலும் வடநாட்டுக் கல்யாணமாக. வகிட்டுக் குங்குமம், முழங்கைவரை சிவப்பு வளையல், செண்டுமல்லி மாலை எல்லாம் வந்து சேரும். கழுத்தில் என்ன நகை, நெற்றியில் என்ன பொட்டு என்று எண்ணிச் சொல்லுங்கள். வந்த படத்தைப் பெரிதாக்கிக் கழுத்து, வகிடு, கால்விரல்கள் மூன்றையும் பாருங்கள். மெட்டியும் வந்திருக்கலாம். கோயில் முற்றத்தில் மாப்பிள்ளை செருப்போடு நிற்கிறாரா என்றும் பாருங்கள், பலமுறை அப்படித்தான் வருகிறது.

நிறத்தையும் ஒப்பிடுங்கள். கன்னத்தில் ஒரே இடத்தை இரண்டு படங்களிலும் அருகருகே வைத்தால் எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று தெரியும். பிள்ளைகளின் நிறத்தை யாரும் கேட்காமல் மாற்றுவதை நான் ஏற்பதில்லை. மாநிறம் மாநிறமாகவே அச்சாக வேண்டும்.

அச்சகம் நடத்துபவர், சிவகாசி: இப்படிச் செய்த படங்களை 12க்கு 18 அங்குலத்தில் கேட்கிறார்கள். தாங்குமா?

300 டிபிஐ கணக்கில் அதற்கு 3600க்கு 5400 பிக்சல் வேண்டும். பல கருவிகள் தருவது நீளத்திலும் அகலத்திலும் அதில் மூன்றிலொரு பங்கோ இன்னும் குறைவோ. வானமும் மணலும் பெரிதாக்கினால் தாங்கும், முகம் தாங்காது. அங்கும் மூலப் படத்திலிருந்து முகத்தை எடுத்து வைப்பதுதான் வழி. அழைப்பிதழின் சிறிய அளவுக்கு இந்தக் கவலை இல்லை.

மணமகன், சேலம் (மீண்டும்): இது போய் எடுத்த படமல்ல என்று ஆல்பத்தில் குறிப்பிட வேண்டுமா? அப்பா தேவையில்லை என்கிறார், அவள் வேண்டும் என்கிறாள்.

நான் மணமகள் பக்கம். பக்கத்தின் கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி போடச் சொல்வேன். என்னோடு வேலை செய்பவர்களில் சிலர் இதை ஒப்புக்கொள்வதில்லை, ஸ்டுடியோவில் வரைந்த திரைக்கு முன்னால் நின்றபோது யார் குறிப்பு எழுதினார்கள் என்று கேட்கிறார்கள். அதுவும் நியாயமான கேள்விதான். ஆனால் திரையைப் பார்த்தால் திரை என்று தெரியும், இதைப் பார்த்தால் தெரியாது. இன்னொன்று: இந்தப் படத்தைச் செய்யுமுன் மணமகளின் படத்தைக் கருவியில் ஏற்ற அவரிடம் சம்மதம் கேட்டீர்களா? கேட்டிருக்காவிட்டால் அடுத்த படத்துக்கு முன் கேளுங்கள்.