"நீ எந்த மாடல்?" என்று சாட்பாட்டிடமே கேட்கலாமா? கேள்வி பதில்

கடைகளுக்கு ஆப் செய்து கொடுப்பவர்: ஒரு இடைத்தரகரிடம் ஜிபிடி-4ஓ என்று நம்பி ஏபிஐ வாங்கினேன் சார். "நீ எந்த மாடல்?" என்று கேட்டால் ஜிபிடி-3.5 என்கிறது. ஏமாந்துவிட்டேனா?

அந்தப் பதிலை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மாடல் தன் உள்ளே எட்டிப் பார்த்துப் பெயரைச் சொல்வதில்லை. படித்த எழுத்துகளை வைத்து, அந்தக் கேள்விக்கு எந்தப் பதில் பொருந்தும் என்று ஊகிக்கிறது. ஒரு மாடல் பயிற்சியில் இருக்கும்போது அதைப் பற்றி இணையத்தில் ஏறக்குறைய எதுவும் இருக்காது. அதற்கு முந்தைய மாடல்களைப் பற்றித்தான் எழுதிக் குவித்திருப்பார்கள். 2023-இல் ஜிபிடி-4 வந்த புதிதில் தன்னை ஜிபிடி-3 என்று பலரிடம் சொன்னது. 2024 டிசம்பரில் வந்த டீப்சீக் வி3, தன்னைச் சாட்ஜிபிடி என்றே சொல்லிக்கொண்டது. சாட்ஜிபிடி எழுதிய பதில்கள் இணையம் முழுக்கக் கிடப்பது அதற்குப் போதுமான காரணம். அவற்றை வேண்டுமென்றே எடுத்துப் பயிற்சி கொடுத்தார்களா என்பதில் இன்னும் சர்ச்சை இருக்கிறது.

அதே நண்பர்: அப்படியென்றால் எப்படித்தான் கண்டுபிடிப்பது?

முதலில் ஏபிஐ அனுப்பும் பதிலில் `model` என்ற இடத்தைப் பாருங்கள். `gpt-4o-2024-08-06` போன்ற பெயர் இருக்கும். அது மாடல் சொல்வதல்ல, சர்வர் எழுதுவது. ஆனால் நடுவில் ஒருவர் இருக்கிறாரே, அவர் அதையும் மாற்றிவிடலாம்.

தமிழ் தெரிந்த நமக்கு இன்னொரு வழி உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. ஜிபிடி-3.5, ஜிபிடி-4 இரண்டும் எழுத்தைத் துண்டாக்கும் முறை ஒன்று, ஜிபிடி-4ஓ துண்டாக்கும் முறை வேறு. 2024 மே மாதம் அதை அறிவித்தபோது ஓபன்ஏஐ காட்டிய தமிழ் உதாரணம் 116 துண்டுகளிலிருந்து, அதாவது டோக்கன்களிலிருந்து, 35-ஆகக் குறைந்திருந்தது. ஆங்கிலத்தில் இவ்வளவு வித்தியாசம் தெரியாது. நீளமான தமிழ்ப் பத்தி ஒன்றை எடுத்து உங்கள் கணினியிலேயே எண்ணிக்கொள்ளுங்கள்:

```
import tiktoken
s = open("para.txt", encoding="utf-8").read()
for n in ("cl100k_base", "o200k_base"):
    print(n, len(tiktoken.get_encoding(n).encode(s)))
```

முதல் எண் பழைய முறை, இரண்டாவது 4ஓ முறை. உதாரணத்துக்கு 600, 180 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே பத்தியை ஏபிஐ-க்கு ஒருமுறை அனுப்புங்கள். அப்புறம் அதையே இரண்டு தடவை ஒட்டி அனுப்புங்கள். இரண்டு பதில்களிலும் உள்ள `prompt_tokens` எண்களைக் கழியுங்கள். தரகர் மறைவாக ஏதாவது சேர்த்திருந்தாலும் கழித்தலில் அது போய்விடும். மிச்சம் 180-ஐ ஒட்டி இருந்தால் 3.5 இல்லை. 600-ஐ ஒட்டி இருந்தால் 4ஓ இல்லை, பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். ஒரு குறை: 4ஓ-வும் 4ஓ-மினியும் ஒரே முறையில் துண்டாக்குவதால், மினியைக் கொடுத்திருந்தால் இதில் சிக்காது. அந்த எண்ணையே தரகர் இட்டுக்கட்டி அனுப்பினாலும் சிக்காது.

கல்லூரி மாணவி: மாடலுக்கு முன்கூட்டியே கொடுக்கும் சிஸ்டம் ப்ராம்ப்ட் என்ற குறிப்பில் பெயரைத்தான் எழுதி வைக்கிறார்களே அண்ணா. அப்போது ஆப்பில் வரும் பதிலை நம்பலாம்தானே?

பாதி சரி. எழுதியிருந்தால் பெரும்பாலும் அதைத்தான் சொல்லும். ஆனால் அப்போது நீ படிப்பது மாடலுக்குத் தெரிந்ததை அல்ல, யாரோ எழுதி ஒட்டிய சீட்டை. மாடலை மாற்றிவிட்டுச் சீட்டை மாற்ற மறந்தால் பழைய பெயரே வரும். சொந்தமாகப் பெயர் வைத்த நிறுவனங்களின் சாட்பாட்கள் அந்தப் பெயரைத்தான் சொல்லும், அடியில் எது ஓடினாலும்.

ஓய்வு பெற்ற ஆசிரியர்: என் பேரன் ஜாதகத்தை டைப் செய்து கொடுத்தேன் தம்பி. "இரண்டு மணி நேரத்தில் பிடிஎஃப் தயார் செய்து மின்னஞ்சலில் அனுப்புகிறேன்" என்றது. மூன்று நாளாகக் காத்திருக்கிறேன். எந்த மாடல் வாங்கினால் சீக்கிரம் வரும்?

ஐயா, இனி காத்திருக்க வேண்டாம். மாடலை மாற்றுவதாலும் வராது. நீங்கள் சொன்னதைப் பார்த்தால் அந்த ஆப்பில் மின்னஞ்சல் வசதியே இணைக்கப்படவில்லை. பதில் முடிந்ததும் அது பின்னால் உட்கார்ந்து எந்த வேலையும் செய்துகொண்டிருக்கவில்லை. மனிதர்கள் எழுதும் கடிதங்களில் "அனுப்புகிறேன்" என்பது சகஜம், அதனால் அதுவும் எழுதிவிட்டது. "இப்போதே இங்கேயே எழுது" என்று கேளுங்கள், வருவதை நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மென்பொருள் பணியாளர்: "முடியும்" என்பதை நம்பக்கூடாது, சரி. "முடியாது" என்று சொன்னால்?

அதுவும் அதே ஊகம்தான். 2025 ஜூலையில் ரெப்லிட் என்ற நிரல் எழுதும் கருவியின் ஏஜென்ட், ஒரு தொழில்முனைவோரின் டேட்டாபேஸை அழித்துவிட்டு, பழைய நிலைக்குத் திருப்ப வழியே இல்லை என்று அவரிடம் சொன்னது. அவர் தானே முயன்று பார்த்தார், திரும்பி வந்தது. அந்த வசதி தளத்தில் இருந்தது, மாடலுக்குத்தான் தெரியவில்லை. அதனால் நான் அதனிடம் கேட்பதை விட்டுவிட்டு, தளத்தின் ஆவணத்தைத் திறந்து, ஒரு சோதனை டேட்டாபேஸில் பழைய நிலைக்குத் திருப்பும் பொத்தானை நானே அழுத்திப் பார்க்கிறேன்.